வீட்டு உழக்குக்கு எத்தனை கிராம்?

பாட்டியின் சமையல் குறிப்பில் “நாலு உழக்கு புழுங்கலரிசி, ஒரு உழக்கு உளுந்து கோபுரமாக” என்று இருக்கிறது. மகள் வெளியூரில் குடித்தனம் வைத்திருக்கிறாள். அவளிடம் உழக்கு இல்லை. ஒரு செட் அளவுக் கோப்பையும் சின்ன டிஜிட்டல் தராசும்தான் இருக்கின்றன. “ஒரு உழக்குன்னா எத்தனை கிராம்மா?” என்று போனில் கேட்கிறாள். அம்மா ஒரு எண் சொல்கிறார், சித்தி வேறொரு எண் சொல்கிறார், இணையத்தில் தேடினால் மூன்றாவதாக ஓர் எண் கிடைக்கிறது. மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்கும் உழக்கு வேறு, அதில் போட்ட தானியமும் வேறு.

உழக்கு, ஆழாக்கு, படி எல்லாமே முகத்தல் அளவைகள். ஒரு பாத்திரம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைத்தான் அவை சொல்லும். கிராம் எடுத்தல் அளவை. ஒரே பாத்திரத்தில் அரிசி போட்டால் ஓர் எடை, அவல் போட்டால் அதில் பாதி, பொரி போட்டால் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே பாத்திரத்துக்கு என்று ஒரே ஒரு கிராம் எண் கிடையாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு கொள்ளளவு. அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் கோப்பைக் கணக்கு உடனே வந்துவிடும். கிராம் கணக்கை மட்டும் ஒவ்வொரு தானியத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெயரை வைத்துக் கணக்குப் போட முடியாது

பழைய வாய்பாடு பலருக்கும் நினைவிருக்கும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு குறுணி அல்லது மரக்கால். இதன்படி ஒரு படிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. ஆனால் ஆங்கிலேயர் காலத்துச் சென்னை அளவைப் பட்டியல்களில் எட்டு உழக்கு ஒரு படி என்று இருக்கும். வாய்பாடு ஆழாக்கு என்று சொல்கிற அளவைத்தான் சென்னைக் கடைத்தெரு உழக்கு என்று சொல்லியிருக்கிறது. இன்றும் ஒரு வீட்டில் உழக்கு என்று எடுத்துத் தரும் பாத்திரம் பக்கத்து வீட்டில் ஆழாக்காக இருக்கக்கூடும்.

படியும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பட்டணம் படி என்று பெரியது ஒன்று, அதில் பாதி பிடிக்கும் சின்னப் படி ஒன்று என இரண்டும் பல ஊர்களில் புழங்கின. சென்னைப் படி ஏறக்குறைய 1.7 லிட்டர் பிடிக்கும். அதை எட்டாகப் பிரித்தால் 213 மில்லி லிட்டர் வரும். 1956-ல் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், பட்டறைகளும் லிட்டர் கணக்கில் அளவுகள் செய்யத் தொடங்கின. 1 லிட்டர், 500, 200, 100 மில்லி லிட்டர் என்று முத்திரை குத்திய இரும்பு அளவுகள் கடைகளுக்கு வந்தன. மக்கள் பழைய பெயர்களை விடவில்லை. லிட்டர் அளவு படியாயிற்று, 200 மில்லி ஆழாக்காயிற்று. ஆகவே அம்மா வீட்டுப் பித்தளை ஆழாக்கும் நேற்று வாங்கிய எவர்சில்வர் ஆழாக்கும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

இலங்கைத் தமிழர் வீடுகளில் இதே கேள்வி சுண்டு என்ற பெயரில் வரும். நாலு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய இரண்டு இறாத்தல் என்பது அங்கே பழகிய கணக்கு. எனவே ஒரு சுண்டு அரிசி அரை இறாத்தல், அதாவது 225 கிராமை ஒட்டி வரும். பல வீடுகளில் டின்பால் பேணியே சுண்டாகப் பயன்பட்டது. 397 கிராம் டின்பால் அடைத்த அந்தப் பேணி சுமார் 300 மில்லி பிடிக்கும். ஆழாக்கு என்று நினைத்துச் சுண்டால் அளந்தால் அரிசி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிப்போகும்.

முதல் வேலை: தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

வீட்டுப் பாத்திரத்தின் கொள்ளளவை அறியத் தண்ணீரே போதும். சமையலறைச் சூட்டில் ஒரு மில்லி லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வரும் வித்தியாசம் ஒரு சதவீதத்தில் பாதிகூட இல்லை.

பாத்திரத்தை நன்றாகத் துடைத்து, உலரவைத்து, தராசின் மேல் வையுங்கள். டேர் பொத்தானை அழுத்தினால் தராசு பூஜ்யத்துக்குப் போகும். இனி தண்ணீரை ஊற்றுங்கள். விளிம்புக்கு அருகே வந்ததும் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும், உடனே வழியாது. அந்தப் புடைப்பு வரும்முன், தண்ணீரும் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது நிறுத்த வேண்டும். கண்ணை விளிம்பின் உயரத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் மட்டம் தெரியும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தராசு காட்டும் கிராம்தான் உங்கள் பாத்திரத்தின் மில்லி லிட்டர். இரண்டு முறை செய்து பாருங்கள். ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் உழக்கு என்று பெயர் பெற்ற ஒரு பித்தளைப் பாத்திரம் உண்டு. வாய் ஏழு சென்டிமீட்டர் அகலம். விளிம்பில் ஒரு வளையம், அடியில் நெளிந்த ஒரு சொட்டை. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் 212 கிராம் வந்தது. வாய்பாட்டுக் கணக்கில் உழக்கு என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும். இது சென்னைப் படியில் எட்டில் ஒன்று. பெயரில் உழக்கு, அளவில் வாய்பாட்டின் ஆழாக்கு. தண்ணீர் சொன்ன எண்ணுக்கு அடியில் உள்ள சொட்டையும் கணக்காகிவிட்டது. சொட்டை உள்ளே தள்ளியிருந்தால் கொள்ளளவு குறையும். இனிமேல் விழும் சொட்டைக்கு மறுபடி அளக்க வேண்டும்.

தராசு இல்லாதவர்கள் குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதில் மில்லி லிட்டர் கோடுகள் இருக்கும். பாத்திரத்தில் விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அதைப் புட்டியில் ஊற்றிக் கோட்டைப் படிக்கலாம்.

கோப்பை என்பதும் ஒன்றல்ல

மில்லி லிட்டர் தெரிந்ததும் கோப்பைக் கணக்கு வெறும் வகுத்தல்தான். ஆனால் எந்தக் கோப்பை என்று பார்க்க வேண்டும். அமெரிக்கச் சமையல் புத்தகங்களின் கோப்பை ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலியக் கோப்பை 250. நம் கடைகளில் விற்கும் அளவுக் கோப்பை செட்டுகளில் இரண்டும் கிடைக்கும், பெரும்பாலும் கைப்பிடியிலேயே எண் இருக்கும். எண் இல்லையென்றால் அதற்கும் தண்ணீர்ச் சோதனை செய்துவிடுங்கள்.

எங்கள் உழக்கு 212 மில்லி. 240-ஆல் வகுத்தால் 0.88, அதாவது ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி குறைவு. ஒரே ஓர் உழக்கு எடுக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது. நாலு உழக்கு எடுக்கும்போது அது அரைக் கோப்பையாகிவிடும்.

ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கோப்பையில் இன்னும் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் 180 மில்லிதான். குக்கர் பாத்திரத்தின் உட்புறம் உள்ள 2, 4, 6 என்ற கோடுகள் அந்தக் கோப்பைக்காகப் போட்டவை. எங்கள் உழக்கால் இரண்டு அரிசி போட்டு, 2 என்ற கோடு வரை தண்ணீர் விட்டால், அரிசி கிட்டத்தட்ட இரண்டே கால் கோப்பைக்கு மேல் இருக்கும், தண்ணீர் இரண்டு கோப்பை அரிசிக்கானதுதான் இருக்கும். சோறு விறைத்துப்போகும். அரிசியையும் தண்ணீரையும் ஒரே உழக்கால் அளந்தால் இந்தச் சிக்கல் வராது. கோட்டை நம்புவதானால் அதனுடன் வந்த கோப்பையால்தான் அரிசியை அளக்க வேண்டும்.

இரண்டாவது வேலை: தானியத்தை நிறுப்பது

கிராம் கணக்குக்குத் தானியத்தையே நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒரே ஓர் உழக்கை நிறுத்தால் கையின் வித்தியாசம் அப்படியே எண்ணில் ஏறும். ஐந்து உழக்கு அளந்து ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டி, மொத்த எடையை ஐந்தால் வகுத்தால் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சமனாகிவிடும். எங்கள் உழக்கில் இட்லி அரிசி ஐந்துக்கு 875 கிராம் வந்தது. ஆக ஓர் உழக்கு 175 கிராம். முழு உருட்டு உளுந்து ஐந்துக்கு 910 கிராம், ஓர் உழக்கு 182. இரண்டும் தலை தட்டி அளந்தவை.

ஐந்து முறை அளக்கும்போதும் கை ஒரே மாதிரி இயங்க வேண்டும். அரிசியை மேலிருந்து தளர விட்டு நிரப்புவது ஒரு விதம். பாத்திரத்தை அரிசிக்குள் அமுக்கி மொண்டு எடுப்பது இன்னொரு விதம். நிரப்பியபின் தரையில் இரண்டு தட்டு தட்டினால் மணிகள் நெருங்கி, மேலே இடம் விழும், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். அரிசி, பருப்பு போன்ற மணிகளில் இதனால் பத்து சதவீதம் வரைகூட வித்தியாசம் வரலாம். வீட்டில் எப்போதும் எப்படி அளக்கிறீர்களோ அதே விதத்தில் அளந்து நிறுப்பதுதான் முறை.

மாவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. சலித்துத் தூவிய அரிசி மாவும் டப்பாவில் அமுங்கிக் கிடந்த அரிசி மாவும் ஒரே உழக்கில் முப்பது கிராம் வரை மாறுபடலாம். முறுக்கு, இடியாப்பம் போன்றவற்றுக்கு மாவை உழக்கால் அளந்து, வெந்நீரைக் கோப்பையால் ஊற்றினால், ஒரு நாள் பதம் வந்து மறுநாள் வராமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாவை மட்டும் எப்போதும் நிறுத்தே எடுப்பது நல்லது.

எல்லாத் தானியத்தையும் நிறுக்க நேரமில்லை என்றால், ஓரளவு நெருங்கிய கணக்குக்கு இந்த எண்கள் உதவும். தலை தட்டி அளந்த 100 மில்லிக்கு இவை பொருந்தும்.

அரிசி: 80 முதல் 85 கிராம்
துவரை, பாசி, உளுந்து: 82 முதல் 88 கிராம்
ரவை: ஏறக்குறைய 70 கிராம்
அரிசி மாவு, கோதுமை மாவு: 50 முதல் 65 கிராம்
கெட்டி அவல்: 35 முதல் 45 கிராம்

உங்கள் பாத்திரம் 336 மில்லி என்றால் அரிசிக்கு 3.36-ஐ 82-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 275 கிராம் வரும்.

தராசு இல்லாத வீட்டில் பிரிக்காத ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் தராசாக உதவும். பாக்கெட்டைப் பிரித்து, எத்தனை உழக்கு வருகிறது என்று எண்ணுங்கள். எங்கள் உழக்கில் ஐந்து உழக்கு போய், ஆறாவதில் முக்காலுக்குச் சற்றுக் குறைய நிற்கும். ஆயிரத்தை 5.7-ஆல் வகுத்தால் 175 கிராம் கிடைத்துவிடும்.

கோபுரம் எவ்வளவு?

குறிப்பில் வந்த “கோபுரமாக” என்ற சொல்தான் கணக்கைக் கெடுக்கும் இடம். தலை தட்டுவது என்றால் விரலாலோ குச்சியாலோ விளிம்போடு வழித்துவிடுவது. கோபுரமாக என்றால் விளிம்புக்கு மேலே கூம்பாகக் குவித்து, மணி உருண்டு விழத் தொடங்கும் வரை போடுவது. பழைய அரசாங்கக் கணக்கிலேயே இந்த இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. சென்னைப் படி தலை தட்டினால் 120 தோலா அரிசி, குவித்தால் 132 தோலா. ஒரு தோலா 11.66 கிராம். ஆக, தலை தட்டிய படி 1.4 கிலோ, குவித்த படி 1.54 கிலோ. பத்து சதவீதம் கூடுதல்.

சின்னப் பாத்திரத்தில் இந்த விகிதம் இன்னும் கூடும். கூம்பின் உயரம் வாயின் அகலத்தைப் பொறுத்தது. அரிசி ஒரு குறிப்பிட்ட சரிவுக்கு மேல் நிற்காது, உருண்டுவிடும். பதின்மூன்று சென்டிமீட்டர் வாய் உள்ள படியில் நாலு சென்டிமீட்டர் உயரம் வரை குவியும், ஏறக்குறைய 175 மில்லி கூடும். படி 1.7 லிட்டர் என்பதால் அது பத்தில் ஒரு பங்குதான். ஏழு சென்டிமீட்டர் வாயுள்ள எங்கள் உழக்கில் கூம்பு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் எழும், 28 மில்லி போலக் கூடும். 212-க்கு அது பதின்மூன்று சதவீதத்துக்கு மேல். வாய் அகன்று உயரம் குறைந்த கிண்ணத்தால் அளந்தால் கோபுரத்தின் பங்கு இதைவிடப் பெரிதாகும். ஒடுங்கி உயர்ந்த பாத்திரத்தில் இந்தத் தகராறு குறைவு.

கோபுரமாகக் குவித்த உளுந்தையும் ஐந்து முறை நிறுத்ததில் 1,035 கிராம் வந்தது. ஓர் உழக்குக்கு 207 கிராம். தலை தட்டியபோது 182 தான். வித்தியாசம் 25 கிராம்.

குறிப்பை மாற்றி எழுதுவோம்

இப்போது பாட்டியின் இட்லிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அரிசி தலை தட்டி நாலு உழக்கு, 175-ஐ நாலால் பெருக்க 700 கிராம். உளுந்து கோபுரமாக ஓர் உழக்கு, 207 கிராம். எடைக் கணக்கில் ஒரு பங்கு உளுந்துக்கு 3.4 பங்கு அரிசி.

கோப்பைக்கு மாற்றினால் அரிசி 848 மில்லி, அதாவது 240 மில்லி கோப்பையில் மூன்றரை. உளுந்து கோபுரத்தோடு சேர்த்து 240 மில்லியை ஒட்டி வருவதால், தலை தட்டிய ஒரு கோப்பை. ஆகவே மகளுக்குச் சொல்ல வேண்டியது “மூன்றரைக் கோப்பை அரிசி, ஒரு கோப்பை உளுந்து.”

அவளோ “நாலு உழக்கு, ஒரு உழக்கு” என்பதை நாலு கோப்பை, ஒரு கோப்பை என்று எடுத்திருந்தால்? உளுந்து ஏறக்குறைய அதே 206 கிராம். அரிசி மட்டும் 792 கிராம். அதே உளுந்துக்கு 92 கிராம் அரிசி கூடிவிட்டது. விகிதம் 3.4-லிருந்து 3.8-க்குப் போய்விட்டது. உளுந்தின் பங்கு குறைந்தால் இட்லி கெட்டிப்படும். ஊரில் வந்த மென்மை அங்கே வரவில்லை என்றால், தண்ணீரையும் குளிரையும் குறை சொல்லும்முன் கோபுரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். குளிரில் மாவு புளிக்கத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனால் அது விகிதத்தில் விட்ட பிழையைச் சரிசெய்யாது.

வெந்தயம் போன்ற சிறு அளவுகளில் வேறொரு சங்கடம். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். நாலு கிராம் வெந்தயத்தில் அது கால் பங்குப் பிழை. அதனால் பத்துத் தேக்கரண்டி அளந்து நிறுத்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சமையலில் அன்றாடம் தேக்கரண்டியையே பயன்படுத்துவது நல்லது. சின்ன அளவில் கரண்டி தராசைவிட நம்பகமானது.

எதைக் கேட்டு எழுத வேண்டும்

பெரியவர்களிடம் குறிப்பு கேட்கும்போது, “எத்தனை உழக்கு?” என்று மட்டும் கேட்டால் பாதி விவரம்தான் கிடைக்கும். எந்தப் பாத்திரம், தலை தட்டியா குவித்தா, தானியம் கழுவுமுன் அளந்ததா ஊறியபின் அளந்ததா என்று சேர்த்துக் கேளுங்கள். ஊறிய உளுந்து ஊதிப் பெரிதாகும், அதை அளந்து சொன்ன கணக்கு காய்ந்த உளுந்துக்குப் பொருந்தாது. சொல்லிக் கேட்பதைவிட, அவர்களையே அளக்கச் சொல்லி, அளந்த தானியத்தைத் தராசில் வைத்துப் பார்ப்பது இன்னும் மேல். “கொஞ்சம் தூக்கலா போடுவேன்” என்று அவர்கள் சொல்வது எத்தனை கிராம் என்று அப்போது தெரிந்துவிடும்.

கண்டுபிடித்த எண்களை ஓர் அட்டையில் எழுதி அரிசி டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பாத்திரத்தின் மில்லி, 240 மில்லி கோப்பையில் அது எவ்வளவு, அரிசி, உளுந்து, துவரை ஒவ்வொன்றுக்கும் தலை தட்டிய கிராம், கோபுரமாகப் போடுவதற்கான கிராம். இவ்வளவு போதும். பாத்திரம் மாறினால் எல்லா எண்களும் மாறும் என்பதால், எந்தப் பாத்திரம் என்பதையும் மேலே குறித்துவிடுங்கள்.

இந்த எண்கள் அளவைச் சொல்லும், தானியத்தின் குணத்தைச் சொல்லாது. புது அரிசி குறைவாகத் தண்ணீர் கேட்கும், பழைய அரிசி அதிகம் கேட்கும். புது உளுந்து நன்றாகப் பொங்கும், நாள்பட்ட உளுந்து அவ்வளவு காணாது. இரண்டும் தராசில் ஒரே 207 கிராம்தான் காட்டும். அங்கே கை சொல்வதைக் கேட்டு, ஒரு பிடி உளுந்து கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். அந்த ஒரு பிடி எத்தனை கிராம் என்பதையும் அடுத்த முறை போடும்முன் நிறுத்து, அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.